ஒரே பேரில் இரண்டு பாட்டு: துண்டுச் சீட்டை வைத்துச் சரியானதை எடுப்பது எப்படி

ஒரு கல்யாண வரவேற்பு. மேடைக்குப் பக்கத்தில் லேப்டாப்பும் மிக்சருமாக உட்கார்ந்திருக்கிறேன். எட்டு வயசுப் பையன் ஒருத்தன் ஓடிவந்து துண்டுச் சீட்டை நீட்டினான். ‘கண்ணான கண்ணே’ என்று மட்டும் எழுதியிருந்தது.

“யாருக்குடா தம்பி?”

“மாமா பொண்ணுக்காம்.”

மாப்பிள்ளை தன் மாமா பொண்ணைத்தான் கட்டுகிறார் போல, ஆசையாகக் கேட்டிருக்கிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ‘நானும் ரௌடிதான்’ படத்துப் பாட்டைப் போட்டுவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால், மேடையில் மாப்பிள்ளையையே காணோம். பெண்ணின் அப்பா மகள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஸ்பீக்கரில் ‘கலங்காதடி’ என்று காதலன் தேற்றிக்கொண்டிருக்கிறான். பையனுக்கு மாமா என்றால் பெண்ணின் அப்பா. ‘மாமா பொண்ணு’ என்றால் அவருடைய பெண். அவன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். கேட்டவன் காதில்தான் கோளாறு.

மைக்செட் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் வயரிங், ஊளைச் சத்தம் எல்லாம் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்கிறார்கள். பேர் ஒன்றாக இருக்கும் பாட்டுகளில்தான் ரொம்ப நாள் தடுமாறுகிறார்கள். நம் ஊரில் பாட்டுக்கு யாரும் தனியாகப் பேர் வைப்பதில்லை, பல்லவியின் முதல் இரண்டு சொல்தான் பேர். கண்ணே, கண்ணம்மா, நெஞ்சே, உயிரே, ராசாத்தி என்று பல்லவி தொடங்கும் சொற்களும் ஒரு கைப்பிடிதான். முட்டிக்கொள்ளாமல் இருந்தால்தான் அதிசயம்.

முதலில், கேட்டதை அப்படியே வாங்குங்கள்

கேட்பவர் சொல்லும் சொல்லைத் திருத்தாமல் குறித்துக்கொள்ளுங்கள். ‘மாமா பொண்ணுக்கு’ என்றால் அதையே எழுதுங்கள். ‘காதல் பாட்டு’ என்று உங்கள் மொழிக்கு மாற்றி எழுதினால் தடயம் அங்கேயே அழிந்துவிடும். சீட்டின் ஓரத்தில் இரண்டு விஷயம் சேர்த்தால் போதும்: கேட்டவர் யார், அது யாருக்காக. சீட்டைக் கொண்டுவருவது பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள். அவர்களிடம் பாட்டைப் பற்றிக் கேட்டுப் பயனில்லை. “யார் கொடுத்துவிட்டாங்க, கையைக் காட்டு” என்று மட்டும் கேளுங்கள். ஆள் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பேர் என்று சொல்வதும் சில சமயம் பேராக இருக்காது. ‘கண்ணம்மா பாட்டு’ என்று ஒருவர் கேட்டால் ‘காலா’ (2018) படத்துப் பாட்டாக இருக்கலாம், ‘றெக்க’ (2016) படத்தில் ‘கண்ணம்மா கண்ணம்மா’ என்று தொடங்குவதாக இருக்கலாம். கேட்டவர் எழுபது வயசுப் பெரியவர் என்றால் இரண்டும் இல்லை. ‘கப்பலோட்டிய தமிழன்’ (1961) படத்தில் வரும் பாரதியாரின் ‘காற்று வெளியிடைக் கண்ணம்மா’வாக இருக்கும். அந்தப் பாட்டின் பேரில் ‘கண்ணம்மா’ முதலில் வருவதில்லை. லேப்டாப்பில் K வரிசையில் தேடினால் கண்ணில் படும், ஆனால் ‘கண்ண’ என்று தேடுகிறவருக்குப் படாது. ஆகவே, ஆரம்பத்தை மட்டும் பார்க்காமல் பேருக்கு நடுவிலும் அந்தச் சொல் வருகிறதா என்று தேடுங்கள்.

எந்த வகை ‘ஒரே பேர்’ என்று பாருங்கள்

ஒரே பேர் என்பதில் மூன்று விதம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் கேள்வி வேறு. இதைப் பிரிக்காமல் எல்லோரிடமும் “எந்தப் படம்?” என்று கேட்பதுதான் புதியவர்கள் செய்யும் தப்பு. படத்தின் பேர் தெரிந்திருந்தால் சீட்டிலேயே எழுதியிருப்பார்களே.

முதல் விதம், தொடக்கச் சொல் மட்டும் ஒன்று, மற்றதெல்லாம் வேறு. ‘நெஞ்சே நெஞ்சே’ ‘ரட்சகன்’ (1997) படத்திலும் உண்டு, ‘அயன்’ (2009) படத்திலும் உண்டு. முன்னது ஏ.ஆர்.ரஹ்மான், பின்னது ஹாரிஸ் ஜெயராஜ். இந்த வகையில் அடுத்த சொல் என்ன என்று கேட்டால் தீர்ந்துவிடும்.

இரண்டாம் விதம், ஒரே படத்துக்குள் இரண்டு வடிவம். ‘7ஜி ரெயின்போ காலனி’ (2004) படத்தில் ‘நினைத்து நினைத்து’ இரண்டு முறை வருகிறது. ஸ்ரேயா கோஷல் பாடியது ‘பார்த்தேன்’ என்று போகும், கேகே பாடியது ‘பார்த்தால்’ என்று போகும். கடைசி இரண்டு எழுத்துதான் வித்தியாசம், அதைக் கேட்டு யாரும் சரியாகச் சொன்னதில்லை. இங்கே “ஆம்பள குரலா, பொம்பள குரலா?” என்ற ஒரே கேள்வி போதும். படம், வருஷம், இசை, நடிகர் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால் மற்ற கேள்வி எதைக் கேட்டும் புண்ணியமில்லை.

மூன்றாம் விதம்தான் ஆபத்து. சொல் முழுக்க ஒன்றாக இருக்கும், பாட்டு வேறாக இருக்கும். ‘தொட்டால் பூ மலரும்’ ‘படகோட்டி’ (1964) படத்துக்கு வாலி எழுதி, விஸ்வநாதன் ராமமூர்த்தி இசையில் டி.எம்.எஸ்.சும் சுசீலாவும் பாடியது. நாற்பது வருஷம் கழித்து ‘நியூ’ (2004) படத்தில் ரஹ்மான் அதே வரிகளை எடுத்து வேறு மெட்டில் போட்டார். அடுத்த சொல்லைக் கேட்டால் இரண்டிலும் ‘தொடாமல் நான்’ என்றுதான் வரும். ‘பொன்மகள் வந்தாள்’ பாட்டும் இரண்டு உண்டு. ‘சொர்க்கம்’ (1970) படத்தில் சிவாஜிக்கு டி.எம்.எஸ். பாடியது, ‘அழகிய தமிழ் மகன்’ (2007) படத்தில் ரீமிக்ஸாக வந்தது. போதாக்குறைக்கு 2020-இல் அதே பேரில் ஒரு படமும் வந்துவிட்டதால், இணையத்தில் தேடினால் பாட்டுக்கு முன்னால் அந்தப் படம்தான் வந்து நிற்கும். மெட்டு மாறிய பாட்டுகளில் சொல்லை விட்டுவிட்டு மெட்டைப் பிடிக்க வேண்டும்: “கொஞ்சம் முணுமுணுத்துக் காட்டுங்க.” வெட்கப்படுவார்கள். பரவாயில்லை, நீங்களே இரண்டு மெட்டிலும் ஒவ்வொரு வரி முணுமுணுத்துக் காட்டினால் “முதல்ல பாடினீங்களே, அது” என்பார்கள். இதற்காகவாவது இந்த மாதிரிப் பாட்டுகளின் பல்லவியைப் பழகி வைத்துக்கொள்ளுங்கள். குரல் எப்படி இருந்தாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

இரண்டு பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

இப்போது மறுபடி கண்ணான கண்ணேவுக்கு வருவோம். முதல் விதத்தில் இதைவிட நெருக்கமான ஜோடி எனக்குத் தெரிந்து இல்லை.

‘நானும் ரௌடிதான்’ 2015-இல் வந்தது. இசை அனிருத், எழுதியது விக்னேஷ் சிவன், பாடியது ஷான் ரோல்டன். உடைந்து நிற்கும் ஒரு பெண்ணை, அவளை நேசிக்கிறவன் தேற்றும் பாட்டு. ‘விஸ்வாசம்’ 2019-இல் வந்தது. இசை டி.இமான், எழுதியது தாமரை, பாடியது சித் ஸ்ரீராம். தான்தான் அப்பா என்று மகளிடம் சொல்லிக்கொள்ள முடியாத அப்பாவின் பாட்டு.

இந்தத் தகவலை மனப்பாடம் செய்வதால் மட்டும் ஒன்றும் ஆகாது. கேட்பவர் சொல்லக்கூடிய அடையாளங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அது இரண்டையும் பிரிக்கிறதா என்று பாருங்கள்.

“மெதுவாப் போகும்” என்பார்கள். இரண்டும் மெதுவாகத்தான் போகும். “ஒரு ஆம்பள பாடுவார்.” இரண்டிலும் அப்படித்தான். “நயன்தாரா படம்ணே.” இரண்டு படத்திலும் நயன்தாராதான் நாயகி. இந்தப் பதிலைக் கேட்டதும் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து ஏமாந்தவர்கள் பல பேர். “கேட்டா அழுகை வரும்.” இரண்டுக்கும் வரும். “பொண்ணுக்காகப் பாடுறது.” இங்கேதான் நான் வழுக்கினேன். தமிழில் ‘பொண்ணு’ என்றால் மகளும்தான், மணப்பெண்ணும்தான், பார்த்துவிட்டு வந்த பெண்ணும்தான். இந்த ஐந்து பதிலும் கிடைத்தாலும் நீங்கள் தொடங்கிய இடத்திலேயே இருக்கிறீர்கள்.

“அப்பா பாட்டு” என்றால்? பெரும்பாலும் விஸ்வாசம்தான். ஆனால் நானும் ரௌடிதான் கதையிலும் நாயகி தன் அப்பாவைத் தேடுகிறவள். படத்தை மட்டும் நினைவில் வைத்திருப்பவர் அதையும் அப்பா சம்பந்தப்பட்ட பாட்டு என்று சொல்லிவிடுவார். அதோடு, சன் டிவியில் 2020-இல் தொடங்கிய தொடர் ஒன்றுக்கும் ‘கண்ணான கண்ணே’ என்றே பேர், அதுவும் அப்பாவின் பாசத்துக்கு ஏங்கும் மகளின் கதை. “சீரியல்ல வருமே” என்று யாராவது சொன்னால் சினிமாப் பாட்டைத் தேடுவதை அங்கேயே நிறுத்துங்கள்.

அப்படியானால் எதைக் கேட்பது? இரண்டைப் பிரிக்கிறதாகவும் இருக்க வேண்டும், கேட்பவருக்கு நிச்சயம் தெரிந்ததாகவும் இருக்க வேண்டும். இசையமைப்பாளர் பேர் அழகாகப் பிரிக்கும், ஆனால் பந்தியில் உட்கார்ந்திருக்கும் அத்தைக்கு அது தெரியாது. வருஷமும் அப்படியே. நேற்று வந்த பாட்டு மாதிரி இருக்கும், பார்த்தால் பத்து வருஷம் ஆகியிருக்கும். இரண்டு கேள்விதான் தேறுகிறது.

ஒன்று, “அஜித் பாட்டா, விஜய் சேதுபதி பாட்டா?” நாயகி பேர் பிரிக்காத இடத்தில் நாயகன் பேர் பிரிக்கிறது, சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இது எல்லா ஜோடிக்கும் பொருந்தாது. கண்ணான கண்ணேவுக்குப் பொருந்துகிறது, அவ்வளவுதான். ஜோடிக்கு ஜோடி இப்படி ஒரு கேள்வியை நீங்கள் கண்டெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, அடுத்த சொல். விஸ்வாசம் பாட்டில் ‘கண்ணான கண்ணே’வுக்குப் பிறகு ‘என் மீது சாய வா’ என்று வரும். நானும் ரௌடிதானில் ‘நீ கலங்காதடி’ என்று வரும். ஒன்று ‘வா’ என்று முடிகிறது, ஒன்று ‘டி’ என்று முடிகிறது. கேட்பவருக்கு முழு வரியும் ஞாபகம் இருக்காது, ஆனால் ‘டி’ போட்டுப் பாடினதா இல்லையா என்பது ஞாபகம் இருக்கும். “அதுல டி வருமாக்கா?” என்று கேட்டுப் பாருங்கள், யோசிக்காமல் பதில் வரும். பொதுவாகவே பல்லவியின் ஈற்றுச் சொல் ஆட்களுக்கு நன்றாக ஒட்டிக்கொள்கிறது. மெட்டு அங்கே போய் நிற்பதால் இருக்கலாம்.

தேடும்போது பேரைத் தட்டாதீர்கள்

அடுத்த சொல் கிடைத்ததும், தேடும் பெட்டியில் பேருக்குப் பதிலாக அதைத் தட்டுங்கள். பேரைத் தட்டினால் இரண்டும் கலந்து வரும், அவற்றோடு யாரோ வீட்டில் உட்கார்ந்து பாடினது, கரோக்கி, லோஃபி எல்லாம் சேர்ந்து வரும். ஆங்கில எழுத்தில் `Kannaana Kanney`, `Kannana Kanne` என்று ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுவதால் ஒன்றைத் தட்டினால் மற்றது விடுபடும்; இரண்டு எழுத்துக்கூட்டும் ஒவ்வொரு பாட்டுக்கும் இருக்கிறது என்பதால் எழுத்தை வைத்துப் பாட்டைப் பிரிக்கவும் முடியாது. `kalangathadi` என்று தட்டினால் வேண்டியது முன்னால் வந்து நிற்கும். தமிழில் ‘கலங்காதடி’ என்றே தட்டினால் எழுத்துக்கூட்டுத் தொல்லையும் இல்லை.

கிடைத்ததன் பக்கத்தில் `Cover`, `Karaoke`, `Reprise`, `Lofi` என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை கண்ணை ஓட்டுங்கள். கரோக்கியைப் போட்டுவிட்டு “பாடகர் குரல் வரலையே, வயர் போச்சா” என்று கேபிளை ஆட்டிக்கொண்டிருந்த தம்பி ஒருவனை எனக்குத் தெரியும்.

ஹெட்போனில் பத்து விநாடி

ஸ்பீக்கருக்கு விடுவதற்கு முன், ஹெட்போனில் பத்து விநாடி கேளுங்கள். முகப்பு இசையைக் கேட்டு முடிவு செய்ய வேண்டாம், குரல் வரும் இடத்துக்கு ஓட்டி அங்கிருந்து கேளுங்கள். இளையராஜா பாட்டாக இருந்தால் முகப்பு இசையே போதும், அதை வைத்தே ஊர் பாட்டைச் சொல்லிவிடும், அது தனிக் கதை. கேட்டவர் பக்கத்தில் இருந்தால் ஹெட்போனை அவர் காதில் வைத்துவிடுங்கள். தூரத்தில் இருந்தால், ஃபோனில் அந்தப் பத்து விநாடியை ஓடவிட்டு பையனிடம் கொடுத்தனுப்புங்கள். அன்றைக்கு இதைச் செய்திருந்தால் அந்த அப்பா என்னைப் பார்த்த பார்வையிலிருந்து தப்பித்திருப்பேன்.

ஆள் கிடைக்கவில்லை என்றால்

கேட்டவரைக் கண்டுபிடிக்க முடியாத நேரமும் வரும். சீட்டு ஐந்து கை மாறி வந்திருக்கும். அப்போது மேடையைப் பாருங்கள். அப்பாவும் மகளும் நிற்கிறார்களா, மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்கிறார்களா? காதுகுத்து, பிறந்தநாள், மஞ்சள் நீராட்டு என்றால் விஸ்வாசம் தவிர வேறு யோசனையே வேண்டாம். வரவேற்பில் மேடை காலியாக இருந்தால், நான் தப்பானாலும் சங்கடம் குறைவாக இருக்கும் பாட்டை எடுப்பேன். காதலன் கேட்டு அப்பா பாட்டு ஓடினால் நாலு பேர் சிரித்துவிட்டுப் போவார்கள். அப்பா கேட்டுக் காதலன் பாட்டு ஓடினால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

வயசை வைத்து ஊகிப்பதும் கைகொடுக்கும், ஆனால் முழுக்க நம்பாதீர்கள். ‘தொட்டால் பூ மலரும்’ என்று நரைத்த தலை கேட்டால் படகோட்டிதான் என்று நூற்றுக்குத் தொண்ணூறு சொல்லலாம். இருபது வயசுப் பையன் கேட்டால் ‘நியூ’ என்று அடித்துச் சொல்ல முடியாது, தாத்தாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு அவருக்காகக் கேட்டிருப்பான். ‘யாருக்காக’ என்று சீட்டு ஓரத்தில் எழுதச் சொன்னது இதற்குத்தான்.

கடைசியாக, ஃபைலுக்குப் பேர் வைப்பது

ஒருமுறை பிரித்ததை மறுபடி பிரிக்க வேண்டிய நிலை வரக்கூடாது. இணையத்தில் இறங்கும் ஃபைல் எல்லாம் பாட்டின் பேரில் தொடங்கும், கடைசியில்தான் படத்தின் பேர் இருக்கும். பென் டிரைவ் போடும் பிளேயரின் சின்னத் திரையில் முதல் சில எழுத்துதான் தெரியும். இரண்டு கண்ணான கண்ணேயும் அங்கே ஒன்றுபோலவே நிற்கும். அதனால் பிரிக்கும் சொல்லை முன்னால் கொண்டுவாருங்கள்:

```
MAGAL Kannaana Kanney Viswasam 2019.mp3
KADHALI Kannaana Kanney NRD 2015.mp3
PAZHASU Thottal Poo Malarum 1964.mp3
PUDHUSU Thottal Poo Malarum 2004.mp3
```

முதல் சொல்லாக எதை வைப்பது என்பது ஜோடியைப் பொறுத்தது. கண்ணான கண்ணேவுக்கு மகளா காதலியா, தொட்டால் பூ மலருமுக்குப் பழசா புதுசா, நினைத்து நினைத்துவுக்கு ஆணா பெண்ணா. கேட்பவரிடம் நீங்கள் கேட்கப்போகும் கேள்வியின் பதில்தான் அந்தச் சொல். எல்லாப் பாட்டுக்கும் இப்படிச் செய்ய உட்கார்ந்தால் ஒரு வாரம் போய்விடும். முட்டிக்கொள்ளும் பாட்டுகளுக்கு மட்டும் செய்யுங்கள். அகர வரிசை கலைந்துவிடுமே என்று கவலைப்பட்டால், இரண்டையும் ‘ஒரே பேர்’ என்று ஒரு தனி ஃபோல்டரில் போட்டு வையுங்கள். என்னுடையதில் இப்போது முப்பது ஜோடி போல இருக்கிறது, சீட்டில் தடுக்கி விழும்போதெல்லாம் ஒன்று கூடுகிறது.